மாமா பதில்கள்: மைக்கைத் தட்டாதீர்கள்!

போன மாதம் கோவையிலிருந்து ஒரு கணக்கு டீச்சர் கடிதம் போட்டிருந்தார். பள்ளியில் பிள்ளைகள் பழைய ராக் பாட்டுகளை வாசிக்கும் கச்சேரி. அறிமுகவுரை இவர் தலையில் விழுந்துவிட்டது. அவசரம் என்பதால் தபாலிலேயே பதில் அனுப்பினேன். அவர் அதை ஊரெல்லாம் காட்டிவிட்டார் போலிருக்கிறது. இந்த வாரத் தபால் பை முழுக்கக் கிட்டாரும் டிரம்ஸும்தான். தக்காளி விலை எப்போது இறங்கும் என்று கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை ரசம் வைக்காமல் பொறுக்கவும்.

கணக்கு டீச்சர், கோவை: எனக்கு ராகமும் தெரியாது, ராக்கும் தெரியாது. என்னை ஏன் பேசச் சொன்னார்கள்?

மியூசிக் மாஸ்டர் அந்த நேரத்தில் திரைக்குப் பின்னால் குனிந்து ஒயர் மாட்டிக்கொண்டிருப்பார். அவருக்கு வாய் இருக்கிறது, கை இல்லை. உங்களுக்குக் கை சும்மா இருக்கிறது, வாயைக் கேட்கிறார்கள்.

அறிமுகவுரையின் அசல் வேலை அதுதான். கடைசி ஒயர் மாட்டும் வரை கூட்டம் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வது. ராக் தெரிந்தவர் பேசினால் ஆபத்து அதிகம். தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடுவார்.

அதே டீச்சர்: எவ்வளவு நேரம் பேசலாம்?

ஒன்றரை நிமிடம். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு தமிழ்ச் சொல் போகும் என்பது நான் கடிகாரம் வைத்துப் பார்த்தது. ஆக, நூற்றைம்பது சொல். நோட்டில் ஒரு பக்கம்.

நீட்டினால் என்ன என்று கேட்பீர்கள். கிட்டாரை ஏ.சி. அறையில் சுருதி சேர்த்துவிட்டு மேடைக்குக் கொண்டுவருகிறார்கள். விளக்குச் சூட்டில் நிற்க நிற்கக் கம்பி விரிந்து தளரும், சுருதி இறங்கும். நீங்கள் பேசப் பேச அங்கே கிட்டார் கெட்டுக்கொண்டிருக்கிறது. அபஸ்வரம் வந்தால் ‘பையனுக்குச் சுருதி ஞானம் போதாது’ என்பார்கள். டீச்சருக்குக் கால ஞானம் போதாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்: ராக் கச்சேரிக்கெல்லாம் முன்னுரை உண்டா? நம் சம்பிரதாயத்தை அவர்கள் மேல் ஏற்றுகிறீர்களோ?

ஐயா, ராக் சரித்திரத்தின் பேர்போன முன்னுரையை நிகழ்த்தியவரே நம்ம ஊர்க்காரர்.

1969, ஆகஸ்ட் 15. நியூயார்க் மாநிலத்தில் பெத்தல் என்ற ஊர். மாட்டுப் பண்ணை ஒன்றில் வுட்ஸ்டாக் விழா. நாலு லட்சத்துக்கும் மேலே கூட்டம் என்று கணக்கு. வழியெல்லாம் கார்கள் நின்றுபோய், பாட வேண்டியவர்களே வந்து சேர முடியவில்லை. கையில் கிடைத்த ரிச்சி ஹேவன்ஸை மேடையில் தள்ளிவிட்டார்கள். அவர் தெரிந்த பாட்டையெல்லாம் பாடித் தீர்த்து, கடைசியில் மேடையிலேயே ஒன்றைக் கட்டிப் பாடிவிட்டு இறங்கினார்.

அடுத்து வந்தவர் காவி உடுத்திய, தாடி வைத்த ஒரு சாமியார். சுவாமி சச்சிதானந்தர். கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் 1914-ல் பிறந்தவர். சம்மணம் போட்டு உட்கார்ந்தார், சில நிமிடம் பேசினார். அத்தனை கூட்டத்தையும் நாமம் சொல்ல வைத்தார்.

அவர் பேசியதன் சாரம் ஒன்றே ஒன்று. ஒலிக்குப் பெரிய சக்தி இருக்கிறது, அது அமைதியையும் கொண்டுவரும், சண்டையையும் மூட்டும். அடுத்து வாசிக்கப்போகிறவரின் வாழ்க்கைக் குறிப்பு எதுவும் கிடையாது. கோவை டீச்சருக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. ஊர் மானம்.

கல்லூரி மாணவர், பொள்ளாச்சி: சாமியார் பேசினார், சரி. சாதாரண மனுஷன் யாராவது?

அதே விழாவில் மூன்றாம் நாள், பண்ணைச் சொந்தக்காரர் மாக்ஸ் யாஸ்கர் மைக்கைப் பிடித்தார். வயது 49. பால் வியாபாரம்.

தான் ஒரு விவசாயி, இருபது பேர் முன்னால் பேசவே வராது, இத்தனை பேர் முன்னால் எப்படி என்றுதான் தொடங்கினார். பிறகு, இத்தனை லட்சம் பிள்ளைகள் மூன்று நாள் கூடிப் பாட்டுக் கேட்டு, பாட்டைத் தவிர வேறு வம்புக்குப் போகாமல் இருந்ததை உலகத்துக்குக் காட்டிவிட்டீர்கள் என்று சொன்னார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பேசத் தெரியாது என்று அவர் சொன்னது உண்மை. அதனால்தான் எடுபட்டது. பேசத் தெரிந்தவர் அதையே சொன்னால் அதற்குப் பெயர் அவையடக்கம், அரைமணி நேரம் ஆகும்.

வானொலி நேயர், திருச்சி: அதென்ன கிளாசிக் ராக்? கிளாசிக் பட்டம் யார் கொடுத்தது?

அமெரிக்க எஃப்.எம். நிலையங்கள், 1980-களில். அறுபது, எழுபதுகளில் பாட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அப்போது சம்பளம் வாங்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் காதுக்குப் பழைய ராக்கையே திரும்பப் போட்டால் விளம்பரம் குவியும் என்று கண்டுகொண்டார்கள். ‘பழைய பாட்டு’ என்று சொன்னால் சோப்புக் கம்பெனி வராது. ‘கிளாசிக்’ என்றால் கார் கம்பெனியே வரும்.

ஆகவே இது இசை இலக்கணம் வைத்த பெயர் இல்லை. விற்பனைப் பிரிவு வைத்தது. மேடையில் இதை விளக்கப் புறப்படாதீர்கள்.

கணக்கு டீச்சர், கோவை (இரண்டாவது கடிதம்): வரைவு அனுப்பியிருக்கிறேன். திருத்தித் தரவும்.

திருத்தினேன். மிச்சம் இருப்பது ‘வணக்கம்’.

முதல் வரி, இசைக்கு மொழி இல்லை. மொழி இல்லாததைப் பற்றி எட்டு வரி எழுதியிருக்கிறீர்கள். அடித்துவிட்டேன். அடுத்து தாளாளர், முதல்வர், துணை முதல்வர், பெற்றோர் ஆசிரியர் கழகம், ஒலிபெருக்கி உபயம். பதினோரு நன்றி. நன்றி என்பது சாப்பிட்ட பிறகு சொல்வது. இலை போடும்போதே சொன்னால் சாம்பார் ஆறிவிடும். அதையும் அடித்தேன்.

பிறகு ராக் இசை தோன்றி வளர்ந்த வரலாறு, எங்கிருந்தோ பிரதி எடுத்தது. எழுத்துப் பிழையும் கூடவே வந்திருக்கிறது. போயிற்று. கடைசியாக, ‘பிள்ளைகள் இரண்டே மாதம்தான் பயிற்சி செய்தார்கள், குறை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.’ டீச்சர், இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், சொல்லாதீர்கள். அதுவரை ரசிக்க வந்தவன் அந்த நிமிடத்திலிருந்து குறை தேட ஆரம்பித்துவிடுவான். நீங்களே விடைத்தாளை நீட்டிச் சிவப்புப் பேனாவையும் கையில் கொடுத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

அதே கடிதத்தில்: எல்லாவற்றையும் அடித்தால் எதைத்தான் பேசுவது?

முதல் பாட்டு எது என்று பாருங்கள். அந்தப் பாட்டுக்கு ஒரு கதை இருக்கும். அதைச் சொல்லுங்கள், அது முடிகிற இடத்தில் பாட்டு தொடங்கட்டும். உங்கள் பட்டியலில் முதல் பாட்டு ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’. அதிர்ஷ்டக்காரி நீங்கள். இதைவிட நல்ல கதை எந்தப் பாட்டுக்கும் கிடையாது. நீங்கள் படிக்க வேண்டியது இவ்வளவுதான்:

“எல்லாருக்கும் வணக்கம். 1971, டிசம்பர் 4. சுவிட்சர்லாந்தில் மான்ட்ரோ என்று ஓர் ஊர். ஏரிக்கரையில் ஒரு கேசினோ. உள்ளே ஃபிராங்க் ஸாப்பா என்பவரின் கச்சேரி நடக்கிறது. கூட்டத்தில் எவனோ ஒருவன், கப்பல்காரர்கள் ஆபத்துக்கு வானத்தில் சுடுவார்களே, அந்த வெளிச்சத் துப்பாக்கியால் கூரையைச் சுட்டுவிட்டான். எல்லாரையும் வெளியேற்றிவிட்டார்கள். கட்டடம் எரிந்து முடிந்தது.

“அந்தக் கேசினோவில் ரெக்கார்டிங் செய்வதற்காகவே இங்கிலாந்திலிருந்து ஒரு குழு வந்திருந்தது. பெயர் டீப் பர்ப்பிள். அவர்கள் ஹோட்டல் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். ஏரித் தண்ணீர் மேல் புகை படர்ந்து நிற்கிறது. வந்த வேலைக்கு இடம் இல்லை. ஆனால் பாட்டுக்குத் தலைப்புக் கிடைத்துவிட்டது.

“அந்தப் புகை கலைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இன்று கிட்டார் எடுக்கப்போகிற பெண்ணுக்கு வயது பதினான்கு. அவள் கையில் அது மறுபடி கிளம்பப்போகிறது. முதல் பாட்டு, ஸ்மோக் ஆன் த வாட்டர்!”

அவ்வளவுதான். ‘வாட்டர்’ என்று சொன்ன கையோடு மைக்கை விட்டு நகருங்கள். உங்கள் கடைசிச் சொல்தான் அந்தப் பெண்ணுக்குச் சைகை. அதற்குப் பின்னால் ‘இதோ உங்களுக்காக’, ‘கேட்டு மகிழுங்கள்’ என்று வால் ஒட்டினால் உங்கள் குரலும் கிட்டாரும் முட்டிக்கொள்ளும். கிட்டார் ஜெயிக்கும். அதற்கு ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது.

கிட்டார் வாசிக்கும் அந்தப் பதினான்கு வயதுப் பெண், கோவை: மாமா, இந்தப் பாட்டு ரொம்ப ஈஸி என்று எல்லாரும் கேலி செய்கிறார்கள்.

ஈஸிதான். அந்த ஆரம்பத் துணுக்கில் இருப்பது மொத்தம் நாலே சுரம். கிட்டார் கற்கிற அன்றைக்கே எல்லாரும் வாசித்துவிடுவார்கள், பெரும்பாலும் தப்பாக.

ஒற்றைக் கம்பியில் வாசித்தால் சாயல் வரும், சத்தம் வராது. ரிச்சி பிளாக்மோர் அதை இரண்டிரண்டு சுரங்களாகச் சேர்த்து வாசித்தார். நம் கணக்கில் ஒன்று சட்ஜம் என்றால் மற்றது மத்தியமம் என்கிற இடைவெளி. அந்த இரண்டு கம்பியையும் பிளெக்ட்ரம் இல்லாமல் விரலால், ஒரே நேரத்தில் கிள்ளினார். பிளெக்ட்ரத்தால் இழுத்தால் ஒன்று முன்னே, ஒன்று பின்னே விழும். விரலால் கிள்ளினால் இரண்டும் ஒரே அடியாக விழும்.

கேலி செய்கிறவர்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல். கையில் பிளெக்ட்ரம் இருக்கும். நீ சிரிக்கலாம்.

கணக்கு டீச்சர் (மூன்றாவது கடிதம், அவசரத் தபால்): நான் பேசி முடித்தும் பிள்ளைகள் தயாராகவில்லை என்றால்?

இடுப்பில் ஒரு கதை முடிந்து வைத்திருங்கள், முப்பது விநாடிக் கதை. கடைசி வரிக்கு முன்னால் மாஸ்டரைப் பாருங்கள். அவர் கட்டை விரலை உயர்த்தினால் அதைத் தொடவே வேண்டாம். உள்ளங்கையைக் காட்டினால் அவிழ்த்துவிடுங்கள்.

கதை இது. கேசினோ எரிந்ததும் டீப் பர்ப்பிள் ஊருக்குள் பெவிலியன் என்ற அரங்கத்தைப் பிடித்து, ராத்திரியில் ரெக்கார்டிங் ஆரம்பித்தது. சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள். போலீஸ் வந்து கதவை இடிக்கிறது. உள்ளே இசை ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டி தூக்க வந்த ஆட்கள் எடுத்து முடிகிற வரை கதவைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டார்கள். அன்று அப்படிப் பதிவானது இந்தப் பாட்டின் வாத்தியப் பகுதிதான். மிச்சத்தை, குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்த ஒரு ஹோட்டலின் நடைக்கூடத்தில் வைத்து முடித்தார்கள்.

இதைச் சொல்லிவிட்டு உங்கள் அரங்கத்தின் கதவைத் திரும்பிப் பாருங்கள். கூட்டமும் திரும்பிப் பார்க்கும். அந்த மூன்று விநாடி இலவசம்.

ஒலிபெருக்கிக் கடைக்காரர், ஈரோடு: மைக் பிடிப்பது பற்றி இந்த டீச்சர்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்கள். மன்றாடிக் கேட்கிறேன்.

சொல்கிறேன், அழாதீர்கள்.

ஒன்று, மைக்கைத் தட்டாதீர்கள். நீங்கள் ‘டொக்’ என்று தட்டுவது அங்கே ‘டமார்’ என்று விழும். முன் வரிசைத் தாத்தா மார்பைப் பிடித்துக்கொள்வார். ஊதவும் வேண்டாம், அது என்ன கேஸ் அடுப்பா?

இன்னொன்று, மைக்கோடு ஸ்பீக்கருக்கு முன்னால் உலாத்தாதீர்கள். ஸ்பீக்கரிலிருந்து வருகிற சத்தத்தை மைக் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும். அது பெரிதாகி ஸ்பீக்கரில் வரும், அதை மறுபடி மைக் பிடிக்கும். இந்தச் சுழற்சி ஒரு விநாடி நடந்தால் போதும், அந்த ‘கூஊஊ’ ஊளை கிளம்பிவிடும். வம்பு பரவுவதும் இதே மாதிரிதான், ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டாம்.

ஊளை வந்தால் பலர் பதறி மைக்கின் தலையைக் கையால் பொத்துவார்கள். பொத்தினால் ஊளை கூடத்தான் செய்யும். மைக்குக்கு எந்தத் திசைச் சத்தத்தைத் தள்ள வேண்டும் என்று தெரிவது அந்தத் தலையைச் சுற்றியுள்ள துவாரங்களால். அதை மூடிவிட்டால் எல்லாத் திசையிலிருந்தும் வாங்கிக்கொள்ளும். தண்டைப் பிடித்து, ஸ்பீக்கருக்குப் பின்பக்கம் நகர்வதே மருந்து.

தலைமை ஆசிரியர், ஊர் எழுத விரும்பவில்லை: பட்டியலில் ‘அனதர் பிரிக் இன் த வால்’ இருக்கிறது. கல்வியே வேண்டாம் என்று பாடும் பாட்டாமே? பள்ளியிலேயே பாடவிடுவதா?

அதைப் பாடியதே பள்ளிப் பிள்ளைகள்தான் சார். 1979-ல் பிங்க் ஃபிளாய்டின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பக்கத்தில், வடக்கு லண்டனில் இஸ்லிங்டன் கிரீன் என்று ஒரு பள்ளி. அதன் இசை ஆசிரியர் ஆலன் ரென்ஷா 23 பேரை அழைத்துக்கொண்டு போனார். அவர்கள் பாடியதையே திரும்பத் திரும்பப் பதிந்து அடுக்கிப் பெரிய கூட்டம் பாடுவது போலச் செய்துவிட்டார்கள்.

பள்ளிக்குக் கிடைத்தது ஆயிரம் பவுண்டு. பத்திரிகைகள் கொதித்தன. தலைமை ஆசிரியை, படத்தில் பிள்ளைகள் முகம் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். திரையில் வாயசைத்தவர்கள் வேறு பிள்ளைகள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு பிரிட்டனில் முதலிடம் அந்தப் பாட்டுக்குத்தான். தென்னாப்பிரிக்காவில் மறு ஆண்டே தடை செய்தார்கள். நிறவெறிக் கல்வியை எதிர்த்து வகுப்பைப் புறக்கணித்த பிள்ளைகள் இதைப் பாட ஆரம்பித்திருந்தார்கள்.

பாட்டின் கோபம் படிப்பின் மேல் இல்லை, பிள்ளையை அவமானப்படுத்தும் வாத்தியார் மேல். உங்கள் பள்ளியில் அப்படி யாரும் இல்லை என்றால் தைரியமாகப் பாடவிடுங்கள். தவிர, அந்த முதல் வரியின் ஆங்கிலத்தில் இரண்டு எதிர்மறை இருக்கிறது. இலக்கணப்படி பார்த்தால் கல்வி வேண்டும் என்றுதான் அர்த்தம். ஆங்கில டீச்சரைக் கேளுங்கள், ஒரு வாரம் சந்தோஷமாக இருப்பார்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: ஏன் இப்படிக் கத்துகிறார்கள்?

பக்கத்தில் டிரம்ஸ் இருக்கிறது.

பத்தாம் வகுப்பு டிரம்மர், நெய்வேலி: எங்கள் பள்ளியில் ‘வீ வில் ராக் யூ’ வாசித்தபோது கூட்டம் கைதட்டத் தட்டப் பாட்டு இழுத்துக்கொண்டே போனது. என் தப்பா?

பாதி உன் தப்பு, பாதி காற்றின் தப்பு.

ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். உங்கள் அரங்கத்தின் கடைசி வரிசை 34 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள். நீ அடிப்பது அங்கே போய்ச் சேர விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அவர்கள் சரியாகவே தட்டினாலும் அந்தத் தட்டு உன்னிடம் திரும்ப இன்னொரு பங்கு. ஆக, பத்தில் இரண்டு பங்கு தாமதமாகத்தான் உன் காதில் விழும். அந்தப் பாட்டில் ஒரு தாள எண்ணிக்கைக்கும் அடுத்ததற்கும் நடுவே முக்கால் விநாடிகூட இல்லை. அதில் இது பெரிய பள்ளம்.

அவர்கள் பின்தங்குகிறார்கள் என்று நீ இரக்கப்பட்டு நின்று கொடுத்தால் அவர்கள் இன்னும் பின்னால் போவார்கள். இப்படியே போனால் பாட்டு மறுநாள் முடியும். கடைசி வரிசையைக் கேட்காதே. உன் காலைக் கேள்.

கணக்கு டீச்சர் (விடமாட்டார் போலிருக்கிறது): அந்தப் பாட்டும் எங்கள் பட்டியலில் இருக்கிறது. அதற்கு ஏதாவது ஒரு வரி?

உங்கள் இனத்தான் எழுதிய பாட்டு. பிரையன் மே, குவீன் குழுவின் கிட்டார்காரர். வான் இயற்பியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் பாதியில் கச்சேரிக்குப் போய்விட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து 2007-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குத் திரும்பி வந்து டாக்டர் பட்டம் வாங்கினார். வருகைப் பதிவேட்டில் இத்தனை நீண்ட விடுப்பு அபூர்வம்.

1977-ல் அந்தப் பாட்டைப் பதிந்தபோது டிரம்ஸே வைக்கவில்லை. பழைய தேவாலயம் ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தார்கள். அங்கே சில பேர் பலகைமேல் காலால் மிதித்தார்கள், கைதட்டினார்கள். அதையே வெவ்வேறு தாமதங்களில் திரும்ப ஒலிக்கவிட்டு ஆயிரம் பேர் மாதிரி செய்தார்கள். தாமதங்கள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் எதிரொலி போலக் கேட்டுவிடும் அல்லவா? அதைத் தவிர்க்க அவர் எடுத்துக்கொண்டது பகா எண்கள். ஒன்றுக்கொன்று மடங்காக வராத இடைவெளிகள்.

பகா எண் எதற்குப் பயன்படும் என்று வகுப்பில் கேட்பானே ஒருவன், அவனை முன் வரிசையில் உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள்.

பெற்றோர் ஒருவர், சேலம்: நடுவில் கரண்ட் போனால்?

மேலே சொன்ன பாட்டைக் கடைசிக்கு என்று பூட்டி வைக்காதீர்கள். கையும் காலும் தொண்டையும் போதும். கிட்டார் அதில் கடைசியில்தான் வருகிறது. அதற்குள் வாட்ச்மேன் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிவிடுவார்.

இன்னொரு பெற்றோர், ஓசூர்: என் மகன் கீபோர்டு. அறிமுகவுரையில் அவன் பெயரைச் சொல்லவில்லை. பதினைந்து வீடியோ எடுத்தும் பிரயோஜனம் இல்லை.

ஆரம்பத்திலேயே பதினாலு பெயரை வாசித்தால் அது கச்சேரி இல்லை, வருகைப் பதிவு. எந்தப் பெயர் எந்த முகம் என்று யாருக்கும் தெரியாது. கூட்டம் மரியாதைக்குத் தட்டும்.

பையன் தனி ஆவர்த்தனம் வாசித்து முடித்த நொடியில் பெயரைச் சொல்லுங்கள். அப்போது விழுகிற கைதட்டல் அவனுக்கே அவனுக்கு. உங்கள் வீடியோவுக்கும் அதுதான் நல்ல இடம். பதினாறாவதாக அதை எடுத்திருக்கலாம்.

ஊர்ப் பிரமுகர், பெயர் போடச் சொல்கிறார், போடவில்லை: தலைமை விருந்தினராக அழைத்துவிட்டு என்னைக் கடைசியில் பேசச் சொல்கிறார்களே, நியாயமா?

அநியாயம். அழைத்தே இருக்கக் கூடாது.

இசை ஆசிரியை, தூத்துக்குடி: எங்கள் பிள்ளைகளுக்குச் சுருதி அவ்வளவாகச் சேராது. மேடை ஏற்றலாமா?

கனடாவில் லாங்லி என்று ஓர் ஊர். 1976, 77-ல் ஹான்ஸ் ஃபெங்கர் என்ற இசை ஆசிரியர், சிறு பிள்ளைகளைப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டி டேவிட் போவி, பீச் பாய்ஸ், ஈகிள்ஸ் பாட்டுகளையெல்லாம் பாடவைத்துப் பதிவு செய்தார். சுருதி அங்கங்கே போகும். தாளம் தனியாக ஒரு பக்கம் போகும். சைலஃபோனும் சிங்கியும் கணகணக்கும். இரண்டு இசைத்தட்டு போட்டுப் பெற்றோருக்குக் கொடுத்தார்கள், பரணுக்குப் போயிற்று.

கால் நூற்றாண்டு கழித்து ஒருவர் பழைய தட்டுக் கடையில் அதைக் கண்டெடுத்தார். 2001-ல் குறுந்தகடாக வந்தது, உலகம் உருகியது. டேவிட் போவியே பாராட்டினார்.

அதைக் கேட்டால் ஒன்று புரியும். வானத்தில் தனியாக மாட்டிக்கொண்ட விண்வெளிக்காரனைப் பற்றிய பாட்டைப் பிள்ளைகள் பாடும்போது அவர்கள் நிஜமாகவே அவனுக்காகக் கவலைப்படுகிறார்கள். தேர்ந்த பாடகர்கள் அதைச் செய்வதில்லை. அவர்களுக்குச் சுருதிக் கவலை இருக்கிறது. ஏற்றுங்கள். ஆனால் கிட்டார்களையாவது டியூனர் வைத்துச் சேர்த்துவிடுங்கள், அதற்கு உருக்கம் தெரியாது.

பிளஸ் ஒன் மாணவன், ஊட்டி: ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ வாசிக்க மாஸ்டர் விடமாட்டேன் என்கிறார்.

எட்டு நிமிடம் ஓடும். நீ எட்டோடு நிறுத்த மாட்டாய் என்று அவருக்குத் தெரியும்.

கடைசி நேரத் தபால். கணக்கு டீச்சர், கோவை: மாமா, கச்சேரி முடிந்துவிட்டது. உங்கள் உரையை அப்படியே பேசினேன், 88 விநாடி. நீங்கள் சொன்னபடி மைக்கைத் தட்டவில்லை. அதனால் மைக் ஆன் ஆகவே இல்லை என்பது கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. வணக்கம் சொன்னபோது யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் கணக்கு டீச்சர், எனக்கு அது பழக்கம்.

கைமைக்கில் தண்டின் நடுவே சின்ன சுவிட்ச் இருக்கும். மேடை ஏறுமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் எழுதவில்லை. குற்றம் என் மேல். ஈரோடு கடைக்காரர் என்னை மன்னிப்பாராக.

கிட்டார் சரியான இடத்தில் ஆரம்பித்ததா, அதைச் சொல்லுங்கள். ஆரம்பித்தது என்றால், மேடையில் ஆறடி தள்ளி நின்ற அந்தப் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு உங்கள் கடைசிச் சொல் கேட்டிருக்கிறது. கேட்க வேண்டியவள் அவள் ஒருத்திதான்.